32 பிட்டுக்குள் கீழ்பென்னாத்தூர்

அத்தியாயம் 6

இந்த அத்தியாயத்துக்கு வேண்டியது ஒரு பென்சில், ஒரு தாள், ஒரு சி கம்பைலர், எட்டே எட்டு பைட்டுகள். ஒரு ஜிபிஎஸ் பதிவுக்கருவியைக் கையில் வைத்துக்கொண்டு கீழ்பென்னாத்தூரில் நிற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கருவி முதலில் அட்சரேகையையும் அடுத்துத் தீர்க்கரேகையையும் ஆளுக்கு நான்கு பைட்டாகக் கோப்பில் எழுதிவிட்டது. அதை லினக்ஸில் `xxd -g 1 idam.bin` என்று திறந்தால் திரையில் வருவது இது:

```
00000000: 00 00 44 41 a4 70 9e 42    ..DA.p.B
```

ஊரின் இருப்பிடத்தைச் சுமாராக வடக்கு 12.25, கிழக்கு 79.22 பாகை என்று எடுத்துக்கொள்கிறேன். அந்த இரண்டு எண்களும் இந்த வரிக்குள்தான் இருக்கின்றன. அவற்றை முதலில் கையால் வெளியே எடுப்போம். பிறகு அதே வேலையைச் சி மொழியில் செய்வோம். தவறாக எடுத்தால் திரையில் என்ன தெரியும் என்பதையும் பார்த்துவிடுவோம். கருவியோடு மல்லுக்கட்டும்போது அதிகம் கைகொடுப்பது அந்தக் கடைசிப் பகுதிதான்.

மூன்று அறைகள்

ஒற்றைத் துல்லிய மிதவைப் புள்ளி எண்ணுக்கு 32 பிட் இடம். இந்த அமைப்பை 1985இல் வந்த ஐஇஇஇ 754 தரநிலை வகுத்தது. இன்று நம் கைக்கு வரும் அநேகமாக எல்லாச் செயலிகளும் சி மொழியின் `float` வகைக்கு இதைத்தான் பயன்படுத்துகின்றன.

இடக்கோடியில் இருக்கும் ஒரே பிட் குறி. அது 0 என்றால் எண் நேர்மம், 1 என்றால் எதிர்மம். அடுத்த எட்டு பிட்டுகள் அடுக்கு, மீதி 23 பிட்டுகள் பின்னம்.

பள்ளியில் ஒளியின் வேகத்தை 3 × 10⁸ என்று எழுதியிருப்பீர்கள். இதுவும் அந்த முறைதான், ஆனால் 10க்குப் பதில் 2. இரும எண்ணில் எழுதி, புள்ளியை நகர்த்தி, அதற்கு இடப்பக்கம் ஒரே ஒரு 1 மட்டும் நிற்கும்படி செய்கிறோம். பதின்ம முறையில் புள்ளிக்கு முன்னால் 1 முதல் 9 வரை எதுவும் வரலாம். இரும முறையிலோ சுழியம் அல்லாத இலக்கம் ஒன்றுதான், அது 1. எப்போதும் 1தான் என்று தெரிந்த ஒன்றை எழுதி வைப்பானேன்? ஆகவே அதைச் சேமிப்பதில்லை. புள்ளிக்கு வலப்பக்கம் இருப்பது மட்டுமே பின்ன அறைக்குள் போகிறது. எழுதாமல் விட்ட அந்த 1ஐ இங்கே ‘மறை ஒன்று’ என்று அழைப்போம். கையால் கணக்குப் போடுபவர்கள் அடிக்கடி மறப்பது இதைத்தான்.

அடுக்கு எதிர்மமாகவும் வரலாம். அதற்கென்று தனிக் குறி பிட் வைக்காமல், அடுக்கோடு 127ஐக் கூட்டிச் சேமிக்கிறார்கள். படிக்கும்போது 127ஐக் கழித்துவிட வேண்டும். அடுக்கு அறையில் 130 இருந்தால் உண்மையான அடுக்கு 3.

கையால்: அட்சரேகை

முதல் நான்கு பைட்டுகள் `00 00 44 41`. நம் கணினிகளும் பெரும்பாலான சிறு கட்டுப்பாட்டுச் சில்லுகளும் எடை குறைந்த பைட்டை முதலில் எழுதும் பழக்கம் உள்ளவை. எனவே கடைசியிலிருந்து முதலுக்குப் படிக்க வேண்டும்: `41440000`. புரட்டும்போது பைட்டுகளின் வரிசை மட்டுமே மாறுகிறது. ஒரு பைட்டுக்குள் இருக்கும் இரண்டு இலக்கங்கள் இடம் மாறுவதில்லை. 44ம் 41ம் அப்படியே இருக்கின்றன.

இனி ஒவ்வொரு பதினறும இலக்கத்துக்கும் நான்கு பிட் எழுதி, பிறகு 1, 8, 23 என்று வெட்டுங்கள்:

```
0100 0001 0100 0100 0000 0000 0000 0000
0 10000010 10001000000000000000000
```

மேல் வரியில் உள்ள நாலுநாலான கூட்டங்களின் எல்லையும் கீழ் வரியின் வெட்டும் ஒன்றாக இல்லை என்பதைப் பாருங்கள். அடுக்கின் கடைசி பிட், மூன்றாவது பதினறும இலக்கத்தின் தலையில் உட்கார்ந்திருக்கிறது. அதனால் `41` என்பதை மட்டும் பார்த்து அடுக்கைச் சொல்லிவிட முடியாது, மூன்றாவது இலக்கத்தையும் பார்த்தாக வேண்டும்.

குறி 0, எண் நேர்மம். அதாவது பூமத்திய ரேகைக்கு வடக்கே. அடுக்கு 10000010 என்பது 130, கழித்தால் 3. பின்னத்தின் முன்னால் மறை ஒன்றை வைத்தால் 1.10001 ஆகிறது. புள்ளியை மூன்று இடம் வலப்பக்கம் தள்ளினால் 1100.01. இடப்பக்கம் 12, வலப்பக்கம் கால். மொத்தம் 12.25, மிச்சம் மீதி இல்லாமல்.

கையால்: தீர்க்கரேகை

அடுத்த நான்கு பைட்டுகளைப் புரட்டினால் `429E70A4`.

```
0100 0010 1001 1110 0111 0000 1010 0100
0 10000101 00111100111000010100100
```

குறி 0, எனவே கிரீன்விச்சுக்குக் கிழக்கே. அடுக்கு 133, கழித்தால் 6. மறை ஒன்றை வைத்துப் புள்ளியை ஆறு இடம் தள்ளுகிறோம்:

```
1001111.00111000010100100
```

இடப்பக்கம் 64 + 8 + 4 + 2 + 1, அதாவது 79. வலப்பக்கத்தில் 3, 4, 5, 10, 12, 15 ஆகிய இடங்களில் 1 இருக்கிறது. முதல் மூன்றையும் கூட்டினால் 1/8 + 1/16 + 1/32 = 0.21875. மீதி மூன்றும் சில்லறை: 0.0009765625, 0.000244140625, 0.000030517578125. எல்லாம் சேர்ந்து 0.220001220703125.

ஆக, கோப்பில் இருப்பது 79.22 இல்லை, 79.220001220703125. கருவியில் கோளாறு எதுவும் இல்லை. 0.22ஐ அரை, கால், அரைக்கால் என்று பாதிப்பாதியாகப் பிளந்த துண்டுகளால் முழுதாகக் கட்டவே முடியாது. மூன்றில் ஒரு பங்கைப் பதின்மத்தில் எழுதினால் 0.333 என்று முடியாமல் போகிறதே, அதே கதை. கிடைத்த 23 பிட்டுக்குள் மிக அருகில் இருக்கும் எண்ணைக் கருவி எழுதியிருக்கிறது. அதற்கு முந்தைய எண்ணான `429E70A3` சுமார் 79.2199936. அது இன்னும் தள்ளி இருக்கிறது.

இத்தனை துண்டுகளைக் கூட்டப் பொறுமை இல்லாதவர்களுக்கு ஒரு குறுக்கு வழி உண்டு. பின்ன அறையின் 23 பிட்டுகளையும் முழு எண்ணாக எடுத்தால் பதினறுமத்தில் `1E70A4`. மறை ஒன்றையும் சேர்த்தால் `9E70A4`, பதின்மத்தில் 10383524. அடுக்கு 6 என்பதால் புள்ளிக்கு வலப்பக்கம் 23 − 6 = 17 பிட்டுகள் இருக்கின்றன. எனவே 10383524ஐ 2¹⁷ ஆல், அதாவது 131072 ஆல் வகுத்தால் விடை வந்துவிடும். சாதாரணக் கால்குலேட்டர் போதும்.

தமிழ்நாட்டுக் கோப்பின் கைரேகை

இப்போது ஒரு படி பின்னால் வந்து அந்த `xxd` வரியின் வலக்கோடியைப் பாருங்கள்: `..DA.p.B`. நான்காவது எழுத்து A, எட்டாவது எழுத்து B. இது கீழ்பென்னாத்தூருக்கு மட்டும் அமைந்த தற்செயல் அல்ல.

தமிழ்நாட்டின் அட்சரேகைகள் எல்லாமே 8 பாகைக்குச் சற்று மேலே தொடங்கி 14க்குள் முடிந்துவிடுகின்றன. அதாவது கன்னியாகுமரியிலிருந்து வட எல்லை வரை எல்லா ஊரும் 8க்கும் 16க்கும் இடையில். அப்படியானால் அடுக்கு எப்போதும் 3, அடுக்கு அறையில் எப்போதும் 130, மேல் பைட் எப்போதும் `41`. தீர்க்கரேகைகள் 76இலிருந்து 80க்குச் சற்று மேல் வரை. 64க்கும் 128க்கும் இடையில் இருப்பதால் அடுக்கு அறையில் எப்போதும் 133, மேல் பைட் எப்போதும் `42`. ஆஸ்கி அட்டவணையில் `41` என்பது A, `42` என்பது B.

ஆகவே, அமைப்பு தெரியாத ஒரு பதிவுக் கோப்பைத் திறந்ததும் வலப்பக்கத்தில் நான்கு பைட்டுக்கு ஒருமுறை A, B, A, B என்று தூண் போல நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால், உள்ளே இருப்பவை எடை குறைந்த பைட்டை முதலில் எழுதிய `float` எண்களாக இருக்க வாய்ப்பு மிக அதிகம். நடுவில் நேரமோ வேகமோ சேர்ந்திருந்தால் தூண்களின் இடைவெளி பெரிதாகும், அவ்வளவுதான். அந்த இடைவெளியை எண்ணினால் ஒரு பதிவு எத்தனை பைட் என்பதும் கிடைத்துவிடும்.

தீர்க்கரேகையில் இன்னொரு வசதி. `429E70A4` இல் இரண்டாவது பைட் `9E`, பதின்மத்தில் 158. அதில் பாதி 79! அடுக்கு 133 ஒற்றைப்படை என்பதால் அதன் கடைசி பிட் 1. மறை ஒன்று உட்கார வேண்டிய அதே இடத்தில் அந்த 1 நிற்கிறது. எனவே இந்த எல்லைக்குள் இரண்டாவது பைட்டைப் பாதியாக்கினாலே பாகை வந்துவிடும். ஒற்றைப்படையாக இருந்தால், கூடுதலாக அரைப் பாகை உண்டு என்று பொருள். சென்னையின் 80.27 பாகை `42A08A3D` என்று சேமிக்கப்படும். `A0` என்பது 160, பாதி 80.

அட்சரேகையில் அடுக்கு 130 இரட்டைப்படை. அந்த இடத்தில் 0 இருப்பதால் 1ஐ நாமே வைக்க வேண்டும். `44` என்பதன் தலையில் 1 வைத்தால் `C4`, பதின்மத்தில் 196. 16 ஆல் வகுத்தால் 12.25.

ஒரு பிட்டின் நீளம் எவ்வளவு அடி?

பின்னத்தின் கடைசி பிட் ஒன்று கூடினால் எண் எவ்வளவு கூடும்? தீர்க்கரேகையில் புள்ளிக்கு வலப்பக்கம் 17 பிட் இருப்பதால் 1/131072 பாகை. கீழ்பென்னாத்தூர் இருக்கும் அட்சரேகையில் ஒரு பாகைத் தீர்க்கரேகை சுமார் 108.8 கிலோமீட்டர். வகுத்தால் 83 சென்டிமீட்டர், ஏறத்தாழ இரண்டே முக்கால் அடி. அட்சரேகையில் அடுக்கு 3 என்பதால் வலப்பக்கம் 20 பிட் மிஞ்சுகிறது. அங்கே ஒரு படி சுமார் பத்தரை சென்டிமீட்டர்.

ஒரே கோப்பு, ஒரே வகை எண், ஒரே கருவி. ஆனாலும் வடக்கு தெற்காக நடப்பவரின் அசைவு ஒரு சாண் அளவுக்கும் குறைவாகப் பதிவாகிறது, கிழக்கு மேற்காக நடப்பவரின் அசைவு முக்கால் மீட்டருக்கு மேலான தாவல்களாகப் பதிவாகிறது. திருவண்ணாமலையிலிருந்து கீழ்பென்னாத்தூர் வழியாகச் செஞ்சிக்குப் போகும் சாலை பெரும்பாலும் கிழக்கு நோக்கியே ஓடுகிறது. அந்தச் சாலையில் நொடிக்கு 1.2 மீட்டர் நடப்பவரின் இடத்தை நொடிக்கு ஒருமுறை எழுதினால், தீர்க்கரேகை ஒரு நொடியில் ஒரு படியும் அடுத்த நொடியில் இரண்டு படியுமாக ஏறும். அவர் சீராக நடந்தாலும், அடுத்தடுத்த பதிவுகளைக் கழித்து வேகம் கணக்கிட்டால் 0.83, 1.66, 0.83 என்று நொண்டும்.

சாதாரண ஜிபிஎஸ் கருவியின் பிழையே சில மீட்டர் என்பதால், இடத்தைக் குறிக்க மட்டும் இந்த 83 சென்டிமீட்டர் பெரிய தொல்லை இல்லை. பேருந்தைப் பின்தொடரவும் போதும். வேகம் கணக்கிடும்போதோ வயல் வரப்பை அளக்கும்போதோதான் கடிக்கும். அங்கே பாகையை ஒரு கோடியால் பெருக்கி `int32_t` முழு எண்ணாக வைப்பது நல்லது. 79.22 பாகை 792200000 ஆகிறது, 180 பாகை வரைக்கும் அந்த நான்கு பைட்டுக்குள் அடங்கும், ஒரு படி ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர். அல்லது எட்டு பைட் `double` பயன்படுத்தலாம். ஆனால் 8 பிட் அர்டுயினோ ஊனோவில் `double` என்று எழுதினாலும் கிடைப்பது நான்கு பைட் `float` தான் என்பதை மறக்க வேண்டாம்.

சி மொழியில் பிரித்தல்

கையால் செய்த மூன்று வெட்டுகளையும் சி மொழியில் வலத் தள்ளலும் முகமூடியும் செய்கின்றன. அதற்கு முன் `float` இன் பிட்டுகளை அப்படியே ஒரு முழு எண்ணுக்குள் கொண்டுவர வேண்டும்.

```c
#include <stdio.h>
#include <stdint.h>
#include <string.h>

int main(void)
{
    float x = 79.22f;
    uint32_t u;
    memcpy(&u, &x, sizeof u);

    unsigned s = u >> 31;
    unsigned e = (u >> 23) & 0xFF;
    unsigned f = u & 0x7FFFFF;
    printf("%08X s=%u e=%u f=%06X\n",
           (unsigned)u, s, e, f);
    return 0;
}
```

ஓட்டினால் வருவது:

```
429E70A4 s=0 e=133 f=1E70A4
```

இங்கே இதயம் `memcpy` வரி. அதை விட்டு `u = x;` என்று எழுதினால் சி மொழி எண்ணின் மதிப்பை மாற்றித் தரும், `u` வில் 79 மட்டும் இருக்கும். எதிர்த்திசையில் `x = u;` என்று எழுதினாலும் அதே தவறு. நம் அட்சரேகைக்கு அப்படிச் செய்தால் 12.25க்குப் பதில் 1094975488 என்று நூறு கோடிக்கு மேல் ஓர் எண் வந்து நிற்கும். இப்படி நூறு கோடியைத் தாண்டிய பாகையைப் பார்த்தால், பிட்டுகளை நகலெடுக்காமல் மதிப்பை மாற்றியிருக்கிறீர்கள் என்று முடிவு கட்டலாம்.

`*(uint32_t *)&x` என்று சுட்டியை வகை மாற்றும் வழக்கத்தைப் பல பழைய நிரல்களில் பார்ப்பீர்கள். ஒரு வகைப் பொருளை வேறு வகைச் சுட்டியால் படிக்கக் கூடாது என்பது சி மொழியின் விதி. கம்பைலர் அந்த விதியை நம்பி நிரலைச் சுருக்கும்போது, `-O0` இல் சரியாக ஓடியது `-O2` இல் தடம் புரளலாம். `memcpy` யில் அந்த ஆபத்து இல்லை. நான்கு பைட் நகலை நல்ல கம்பைலர் ஒரே கட்டளையாக்கிவிடும் என்பதால் வேகமும் குறையாது.

`u` வின் வகை `uint32_t` ஆக இருப்பதும் காரணத்தோடுதான். குறியுள்ள `int32_t` ஆக இருந்தால், எதிர்ம எண்களுக்கு `u >> 31` என்பது பெரும்பாலான கம்பைலர்களில் 1க்குப் பதில் −1 தரும். தமிழ்நாட்டுத் தரவை மட்டும் வைத்துச் சோதித்தால் இந்தப் பிழை வெளியே வரவே வராது, ஏனென்றால் நம் பாகைகள் எல்லாம் நேர்மம்.

பைட்டிலிருந்து எண்ணுக்கு

கோப்பில் உள்ள நான்கு பைட்டுகளை எந்தக் கணினியிலும் சரியாகக் கோர்க்க, பைட்டுகளை நாமே இடம் பார்த்து அடுக்குவதுதான் பாதுகாப்பு.

```c
uint32_t serkka(const unsigned char *b)
{
    return (uint32_t)b[0]
         | (uint32_t)b[1] << 8
         | (uint32_t)b[2] << 16
         | (uint32_t)b[3] << 24;
}
```

கிடைத்த 32 பிட்டை மறுபடி `memcpy` யால் `float` ஆக்கிவிடலாம். ஆனாலும் ஒருமுறையாவது மதிப்பை நாமே கட்டிப் பார்த்தால்தான் அறைகளின் வேலை மனதில் நிற்கும்.

```c
#include <math.h>

double kattu(uint32_t u)
{
    int e = (u >> 23) & 0xFF;
    uint32_t f = u & 0x7FFFFF;
    double v;

    if (e == 255)
        v = f ? NAN : INFINITY;
    else if (e == 0)
        v = ldexp(f, -149);
    else
        v = ldexp(f | 0x800000, e - 150);
    return (u >> 31) ? -v : v;
}
```

கடைசிக் கிளையைப் பாருங்கள். `f | 0x800000` என்பது மறை ஒன்றை வைக்கும் வேலை. `ldexp(a, n)` என்பது a ஐ 2ⁿ ஆல் பெருக்கும். 150 எங்கிருந்து வந்தது? அடுக்கிலிருந்து கழிக்க வேண்டிய 127, பின்னத்தை முழு எண்ணாக எடுத்ததற்காகக் கழிக்கும் 23, இரண்டும் சேர்ந்து 150. தீர்க்கரேகைக்கு 133 − 150 = −17. கால்குலேட்டரில் 131072 ஆல் வகுத்தோமே, அதுவேதான்.

`printf("%.15f\n", kattu(0x429E70A4));` என்று அச்சிட்டால் கையால் வந்த 79.220001220703125 எழுத்துப் பிசகாமல் வரும். வெறும் `%f` என்றால் 79.220001 என்று ஆறு இலக்கத்தோடு நிற்கும். `float x = 79.22f;` என்று வைத்துவிட்டு `if (x == 79.22)` என்று கேட்டால் விடை ‘இல்லை’ என்று வருவதற்கும் இதுவே காரணம். வலப்பக்கம் இருப்பது `double`, அது 79.22க்கு இன்னும் நெருக்கமான வேறோர் எண். கம்பைல் செய்யும்போது கணித நூலகத்தை இணைக்க மறக்காதீர்கள்: `gcc -Wall -O2 idam.c -lm`.

அடுக்கு 0, அடுக்கு 255

இந்த இரண்டு மதிப்புகளும் சாதாரண எண்களுக்குக் கிடையாது. அடுக்கு அறையில் 0 இருந்தால் மறை ஒன்று இல்லை. பின்னமும் 0 என்றால் எண் சுழியம். பின்னத்தில் ஏதாவது இருந்தால், சுழியத்தை ஒட்டிய மிகச் சிறிய எண். அதன் அடுக்கு −126 என்று நிலைத்துவிடுகிறது. 126ம் 23ம் சேர்ந்துதான் நிரலில் வந்த 149. அடுக்கு அறையில் 255 இருந்து பின்னம் 0 என்றால் முடிவிலி, பின்னம் 0 இல்லையென்றால் எண்ணே அல்லாத ஒன்று. திரையில் முறையே `inf`, `nan` என்று தெரியும்.

பதிவுக்கருவியில் இவை இரண்டும் வரும் இடங்கள் உண்டு. ஃப்ளாஷ் நினைவகத்தை அழித்தால் எல்லாப் பிட்டும் 1 ஆகிவிடும். எழுதப்படாத இடத்தைப் படித்தால் `FFFFFFFF`, அடுக்கு 255, பின்னம் நிறைய, எனவே `nan` அல்லது `-nan`. தரவின் வால் பகுதியில் மட்டும் `nan` வரிசையாக வந்தால் பதிவு அங்கே முடிந்துவிட்டது என்று பொருள். மாறாக இரண்டு எண்ணும் 0.000000 என்று வந்தால், கருவிக்குச் செயற்கைக்கோள் கிடைக்கும் முன்பே எழுதியிருக்கலாம். வரைபடத்தில் அந்தப் புள்ளி ஆப்பிரிக்காவுக்கு மேற்கே கினி வளைகுடாவின் கடலுக்குள் விழும்.

வரிசை பிசகினால்

பைட்டுகளைப் புரட்ட மறந்து, கோப்பில் இருந்தபடியே `A4709E42` என்று படித்தால் என்ன ஆகும்? குறி 1, அடுக்கு 72, கழித்தால் −55. விடை சுமார் −5.2 × 10⁻¹⁷. `%f` இல் அச்சிட்டால் −0.000000 என்று தெரியும். சுழியத்துக்கு முன்னால் ஒரு கழித்தல் குறி நிற்கிறதே என்று சந்தேகப்படுங்கள். அட்சரேகையை அப்படிப் படித்தால் `00004441`, அடுக்கு 0. மேலே சொன்ன மிகச் சிறிய எண் வகை: 17473 × 2⁻¹⁴⁹, சுமார் 2.45 × 10⁻⁴¹. அதுவும் `%f` இல் வெறும் 0.000000. சுழியம் போலத் தெரிவது உண்மையில் சுழியம்தானா என்று பார்க்க `%e` இல் அச்சிடுங்கள், அதோடு `%08X` இல் பிட்டுகளையும் அச்சிடுங்கள்.

சில கருவிகள் 32 பிட்டை இரண்டு 16 பிட் துண்டுகளாக அனுப்பும். துண்டுகள் இடம் மாறினால் `70A4429E`. அடுக்கு 225, கழித்தால் 98, விடை சுமார் 4 × 10²⁹. ஆக, விடை நம்ப முடியாத அளவு சிறியதா, பெரியதா என்பது எந்த வரிசை பிசகியது என்று உறுதியாகச் சொல்லாது. எண்ணைப் பார்த்து ஊகிப்பதை விட, `41` உம் `42` உம் எந்த இடத்தில் நிற்கின்றன என்று பார்ப்பதே நேர்வழி. தீர்க்கரேகையின் `42` நான்காவது பைட்டில் நின்றால் முழுதாகப் புரட்ட வேண்டும். முதல் பைட்டில் நின்றால் புரட்டவே வேண்டாம். மூன்றாவதில் நின்றால் இரண்டு துண்டுகளை இடம் மாற்ற வேண்டும். இரண்டாவதில் நின்றால் ஒவ்வொரு துண்டுக்குள்ளும் இரு பைட்டுகளை மாற்ற வேண்டும்.

செய்து பாருங்கள்

முதலாவது, புரட்டிய பிறகு கிடைத்த ஓர் அட்சரேகை: `40DDC28F`. மேல் பைட் `41` இல்லை என்றதும் இது தமிழ்நாடு இல்லை என்று தெரிந்துவிடுகிறது. அடுக்கு 129, கழித்தால் 2. எனவே எண் 4க்கும் 8க்கும் இடையில். அடுக்கு ஒற்றைப்படை என்பதால் `DDC28F` ஐ அப்படியே எடுத்து, 2²¹ ஆல் வகுக்க வேண்டும். 14533263 ÷ 2097152 = 6.93. கொழும்பின் அட்சரேகை இது. இலங்கைக்குள் 8 பாகைக் கோட்டைத் தாண்டும் இடத்தில் அடுக்கு மாறுகிறது. யாழ்ப்பாணத்து அட்சரேகைகள் நம்மைப் போல A என்றும், கொழும்பு அட்சரேகைகள் @ என்றும் `xxd` யில் முடியும். கோட்டுக்குத் தெற்கே ஒரு படியின் அளவும் பாதியாகிவிடும்.

இரண்டாவது, ஒரு தீர்க்கரேகை: `C29EC28F`. மேல் பைட் `C2` என்பது `42` இன் தலையில் 1 வைத்தது. குறி மட்டும் மாறியிருக்கிறது, அடுக்கு நம்முடைய அதே 133. இரண்டாவது பைட் `9E`, பாதி 79. மீதி `C28F` என்பது 49807, அதை 131072 ஆல் வகுத்தால் 0.38. விடை −79.38, அதாவது கிரீன்விச்சுக்கு மேற்கே 79.38 பாகை. டொராண்டோ. உங்கள் நிரல் `s` க்கு 1 என்று அச்சிடுகிறதா, −1ஐ `%u` இல் அச்சிட்டால் வரும் 4294967295 என்று அச்சிடுகிறதா என்பதை இந்த எண்ணை வைத்துச் சோதியுங்கள். குறி பிட்டைக் கைவிட்ட நிரல், டொராண்டோவில் எழுதிய தீர்க்கரேகையைக் கீழ்பென்னாத்தூருக்கும் செஞ்சிக்கும் நடுவில் கொண்டுவந்து வைத்துவிடும்.